கடைக் கணக்கிலிருந்து போன வீட்டுச் செலவு: அது ஏன் ‘எடுப்பு’?

“கடையும் என்னுது, கணக்கும் என்னுது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டினேன், காசு போயிருச்சு. அதைச் செலவுன்னு எழுதாம வேற என்னமோ எழுதி வச்சிருக்கீங்களே?”

போன வாரம் நீங்கள் கேட்டது இது. அவசரத்தில் “அது டிராயிங்ஸ், செலவில் வராது” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது, நான் ஏதோ உங்கள் மேல் பற்று எழுதித் தண்டம் போட்டதுபோல எடுத்துக்கொண்டீர்கள் என்று. அப்படி நினைப்பவர் நீங்கள் மட்டுமில்லை. ‘டிராயிங்ஸ்’, தமிழில் ‘எடுப்பு’, என்றால் கடைக்கு நாம் பட்ட கடன் என்று சிலர் சொல்வார்கள். லாபத்திலிருந்து எடுத்தது என்று சிலர். வரிக்காக ஆடிட்டர் செய்கிற ஏதோ வேலை என்று இன்னும் சிலர். மூன்றும் தவறு. அதனால் நிதானமாக எழுதித் தருகிறேன், நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற எண்கள் உங்கள் கடையின் எண்கள் இல்லை. கணக்குப் போட வசதியாக உருண்டையாக எடுத்துக்கொண்டவை.

## மரத்துக்குப் போட்ட உரமும் பறித்துத் தின்ற பழமும்

ஒரு பழமரம் வைத்திருக்கிறீர்கள். உரம் வாங்குகிறீர்கள், தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள், பூச்சி வராமல் மருந்து அடிக்கிறீர்கள். இவையெல்லாம் மரம் காய்ப்பதற்காகப் போன காசு. அந்த ஆண்டு மரத்தில் நூறு பழம் காய்த்தது. அதில் முப்பதை நீங்கள் பறித்து வீட்டுக்கு எடுத்துப் போனீர்கள்.

இப்போது ஒருவர் வந்து, “இந்த மரம் எத்தனை காய்க்கும்?” என்று கேட்கிறார். என்ன சொல்வீர்கள்? நூறு என்றுதானே? முப்பது வீட்டுக்குப் போய்விட்டது, அதனால் மரம் எழுபதுதான் காய்த்தது என்று யாரும் சொல்வதில்லை. முப்பதைத் தின்றது உண்மை. மரத்தில் இப்போது எழுபதுதான் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் காய்ப்பு என்பது வேறு கேள்வி.

உரம்தான் கணக்கில் ‘செலவு’. பறித்த முப்பது பழம்தான் ‘எடுப்பு’. இரண்டிலும் உங்கள் கையைவிட்டு ஒன்று போகிறது. உரம் காய்ப்பை உண்டாக்கப் போனது. பழமோ காய்ப்பு உண்டான பிறகு அதன் சொந்தக்காரர் எடுத்துக்கொண்டது.

## கடை ஒரு ஆள், நீங்கள் ஒரு ஆள்

கணக்கெழுதுவதில் முதல் விதி இதுதான்: கடையையும் அதன் உரிமையாளரையும் இரண்டு வேறு ஆட்களாக வைத்து எழுத வேண்டும். பாடப்புத்தகத்தில் இதற்குத் தனித்தன்மை அனுமானம் என்று பெயர். சட்டப்படி, தனி ஒருவர் நடத்துகிற கடை அவரிடமிருந்து பிரிந்த ஒரு ஆள் இல்லை. கடைக்கு வந்த கடன் உங்கள் தலையில்தான் விழும். ஆனால் கணக்குப் புத்தகத்துக்குள் மட்டும் கடை தன் கதையைத் தானே சொல்கிறது. புத்தகத்தில் இருக்கும் ‘நான்’ கடை, நீங்கள் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வந்துவிடும்.

நீங்கள் முதன்முதலில் 5,00,000 போட்டுக் கடையைத் திறந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடையின் வாயிலிருந்து பார்த்தால், “என் உரிமையாளர் என்னிடம் 5,00,000 கொடுத்து வைத்திருக்கிறார்” என்று அர்த்தம். உரிமையாளருக்குக் கடையில் இருக்கும் இந்தப் பாத்தியதைதான் ‘முதல்’. கடை சம்பாதிக்கிற லாபமும் ஆண்டு முடிவில் உங்கள் பாத்தியதையோடு சேருகிறது, ஏனென்றால் கடைக்கு வேறு சொந்தக்காரர் இல்லை. நட்டம் வந்தால் அதே இடத்தில் குறைகிறது.

அப்புறம், உங்கள் சொந்தத் தேவைக்காகக் கடையிலிருந்து பணமோ பொருளோ எடுக்கும்போது, கடை என்ன எழுதும்? “உரிமையாளர் தன் பாத்தியதையில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.” அதுதான் எடுப்பு. பள்ளிக் கட்டணமா, வீட்டு வாடகையா, மருத்துவச் செலவா என்பது கடைக்குத் தேவையில்லாத விவரம். நீங்கள் வங்கிக்குப் போய்ப் பணமாக எடுத்து, அதைக் கையால் பள்ளியில் கட்டியிருந்தால் எடுப்பு என்று நீங்களே ஒப்புக்கொண்டிருப்பீர்கள். கடைக் கணக்கிலிருந்து நேராகப் பள்ளிக்கு அனுப்பியதில் நடுவிலிருந்த உங்கள் கை மறைந்துவிட்டது, அவ்வளவுதான். நடந்தது அதேதான்.

சுருக்கமாக இதுவரை: கடை சம்பாதிப்பதற்காகப் போனது செலவு. உரிமையாளர் தனக்காக எடுத்துக்கொண்டது எடுப்பு. எந்தக் கணக்கிலிருந்து பணம் போனது என்பது அதைத் தீர்மானிப்பதில்லை.

## புத்தகத்தில் எப்படி விழுகிறது

கட்டணம் 60,000 என்று வைத்துக்கொள்வோம். பதிவு இப்படி இருக்கும்:

```
எடுப்புகள் கணக்கு      பற்று   60,000
    வங்கிக் கணக்கு      வரவு    60,000
(உரிமையாளரின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம்)
```

இங்கே ஒரு சின்ன இடறல் உண்டு. வீட்டில் ‘வரவு’ என்றால் கைக்கு வந்த பணம். புத்தகத்தில் வங்கியிலிருந்து பணம் வெளியே போகும்போதுதான் வங்கிக் கணக்கில் ‘வரவு’ எழுதுகிறோம். பற்று, வரவு என்பவை இங்கே பேரேட்டின் இடது பக்கம், வலது பக்கம் என்பதற்கான பெயர்கள். நல்லது கெட்டது, வந்தது போனது என்று அவற்றுக்கு அர்த்தம் கொடுக்காதீர்கள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ‘பற்று’ என்று பார்த்ததும் கடன் என்று தோன்றியதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. செலவுக் கணக்குகளும் பற்றுப் பக்கத்தில்தான் நிற்கும், எடுப்பும் பற்றுப் பக்கத்தில்தான் நிற்கும். எல்லாக் கணக்குகளின் மீதியையும் ஒரே தாளில் வரிசையாகப் போட்டுச் சரிபார்க்கிற இருப்பாய்வில், இரண்டும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்போலத் தெரியும். ஆண்டு முடிவில்தான் வழி பிரிகிறது. செலவெல்லாம் இலாப நட்டக் கணக்குக்குள் போய் லாபத்தைக் குறைக்கும். எடுப்பு அந்தப் பக்கமே போகாது. நேராக முதல் கணக்குக்குப் போய் அதிலிருந்து கழியும்.

## அதே 60,000, இரண்டு விதமாக

இப்போது ஒரு முழு ஆண்டைப் போட்டுப் பார்ப்போம். கடை 5,00,000 முதலோடு தொடங்குகிறது: சரக்கு 3,00,000, வங்கியில் 2,00,000. கடன் எதுவும் இல்லை. ஆண்டு முழுவதும் விற்பனை 20,00,000. விற்ற சரக்கின் அடக்க விலை 15,00,000. கடை வாடகை, சம்பளம், மின்கட்டணம் எல்லாம் சேர்த்து 3,00,000. விற்ற அளவுக்குப் புதுச் சரக்கு வாங்கி நிரப்பியதால் ஆண்டு முடிவிலும் சரக்கு அதே 3,00,000. எல்லாம் ரொக்க வியாபாரம். இதோடு பள்ளிக் கட்டணம் 60,000 கடையின் வங்கிக் கணக்கிலிருந்து போயிருக்கிறது.

```
                     எடுப்பாக      செலவாக
தொடக்க முதல்         5,00,000      5,00,000
லாபம்               + 2,00,000    + 1,40,000
எடுப்பு               - 60,000           0
இறுதி முதல்          6,40,000      6,40,000
```

கடைசி வரியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண். வங்கியில் இருப்பதும் எப்படி எழுதினாலும் 3,40,000தான். சரக்கு 3,00,000. மொத்தம் 6,40,000, முதலும் 6,40,000. இருப்புநிலைக் குறிப்பு, அதாவது ஒரு குறிப்பிட்ட நாளில் கடையிடம் என்னென்ன இருக்கிறது, அது யாருக்குப் பாத்தியம் என்று காட்டும் தாள், இரண்டு விதத்திலும் அழகாகச் சமன் ஆகிறது.

இதனால்தான் இந்தத் தப்பு பல ஆண்டுகள் கண்ணில் படாமலே ஓடும். கூட்டல் தப்பாக இருந்தால் இருப்பாய்வு பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும். வங்கி இருப்பு ஒத்துவராவிட்டால் ஸ்டேட்மென்ட் காட்டிக்கொடுக்கும். எடுப்பைச் செலவில் போட்டால் எதுவும் காட்டிக்கொடுக்காது. தொகை சரி, பக்கமும் சரி, உட்கார்ந்திருக்கிற தலைப்பு மட்டும் தப்பு. இதை விதிப்பிழை என்பார்கள்.

## எல்லாம் ஒத்துவருகிறதே, அப்புறம் என்ன?

நியாயமான கேள்வி. கெட்டுப்போவது ஒன்றே ஒன்றுதான்: லாபம் என்ற எண். ஆனால் கடையைப் பற்றி நீங்கள் எடுக்கிற முடிவுகளில் பாதி அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

மாதக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டிய மாதத்தில் கடை 15,000 லாபம் சம்பாதித்திருக்கிறது. செலவில் 60,000 ஏறியதால் அந்த மாதம் 45,000 நட்டம் என்று தாள் காட்டும். நீங்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தச் சரக்கு போகவில்லை, வேலையாளைக் குறைக்கலாமா, விலையைக் கூட்டலாமா என்று யோசிப்பீர்கள். கடையில் ஒரு கோளாறும் இல்லை. பள்ளி திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது இன்னும் மோசம். அடுத்த ஆண்டு கட்டணத்தை வேறு கணக்கிலிருந்து கட்டிவிட்டீர்கள். கடை வாடகை ஏறியதால் உண்மை லாபம் 2,00,000லிருந்து 1,80,000 ஆக இறங்கிவிட்டது. ஆனால் போன ஆண்டுப் புத்தகத்தில் லாபம் 1,40,000 என்றல்லவா இருக்கிறது! 1,40,000லிருந்து 1,80,000க்கு ஏறிவிட்டோம் என்று சந்தோஷப்படுவீர்கள். கடை சறுக்கிய ஆண்டு, வளர்ந்த ஆண்டாகத் தெரியும். என் அனுபவத்தில், ‘வியாபாரம் நல்லாத்தான் போகுது, ஆனா கையில காசு நிக்கல’ என்றும், அதற்கு நேர்மாறாகவும் சொல்கிறவர்களின் பேரேட்டைப் புரட்டினால் பல சமயம் இந்தக் கலப்புதான் இருக்கும்.

கடையை விற்கிற நாளிலும் இது வந்து நிற்கும். வாங்க வருகிறவர் சரக்குக்கு மேல், கடையின் நற்பெயருக்காக மூன்று ஆண்டு லாபத்தைத் தருவதாகச் சொன்னால், ஆண்டுக்கு 2,00,000 வீதம் 6,00,000 கிடைக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் கட்டணத்தைச் செலவில் எழுதியிருந்தால், புத்தகம் 1,40,000 வீதம் 4,20,000 என்றுதான் சொல்லும். “அதில் பள்ளிக் கட்டணமும் இருக்கிறது” என்று அப்போது சொன்னால் அவர் ஏன் நம்ப வேண்டும்? கடன் கேட்டுப் போகும்போது வங்கிக்காரரும் அதே லாபத்தைத்தான் பார்ப்பார்.

வரியைப் பற்றி ஒரே வரி: சொந்தச் செலவைக் கழித்து லாபத்தைக் குறைத்துக் காட்டுவதை வரி விதிகள் பொதுவாக ஏற்பதில்லை. சோதனையில் அகப்பட்டால் அந்த 60,000 திரும்ப லாபத்தோடு சேர்க்கப்படும், சில சமயம் தண்டத்தோடு.

ஆகவே, எடுப்பாக எழுதுவதால் உங்கள் பணம் ஒரு காசுகூடக் குறைவதில்லை, பாத்தியதையும் மாறுவதில்லை. கடை எவ்வளவு சம்பாதித்தது, நீங்கள் அதில் எவ்வளவு எடுத்துக்கொண்டீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியாகப் பதில் கிடைக்கிறது. செலவாக எழுதினால் இரண்டு பதிலும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும்.

## எடுப்பு கடனும் இல்லை, சம்பளமும் இல்லை

எடுப்பை நீங்கள் கடைக்குத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆண்டு முடிவில் எடுப்புகள் கணக்கு முதலோடு நேராகி மூடப்பட்டுவிடும். அடுத்த ஆண்டு அந்தக் கணக்கு பூஜ்யத்தில் தொடங்கும்.

அது லாபத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. லாபம் 2,00,000 வந்த ஆண்டில் 2,70,000 எடுத்தால் புத்தகம் உங்களைத் தடுக்காது. போட்ட முதலில் 70,000 கரையும், அவ்வளவுதான். அதைப் பார்க்கத்தான் தனித் தலைப்பு. எடுப்பு லாபத்தைவிட அதிகமாக இருந்தால், கடை சம்பாதித்ததற்கு மேல் எடுக்கிறீர்கள். கடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறீர்கள்.

‘மாதா மாதம் எனக்கென்று ஒரு தொகை எடுக்கிறேனே, அதைச் சம்பளம் என்று எழுதலாமா?’ என்று நீங்கள் அடுத்து கேட்பீர்கள், தெரியும். தனி உரிமையாளரின் கடையில் அதுவும் எடுப்புதான். தனக்குத் தானே சம்பளம் கொடுக்க முடியாது. கடையைக் கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் கதை வேறு. அங்கே கம்பெனி சட்டப்படியே தனி ஆள். அதன் கணக்கிலிருந்து சொந்தச் செலவு போனால், இயக்குநர் கம்பெனிக்குத் தர வேண்டிய கடனாகவோ, அவருக்குக் கொடுத்த ஊதியமாகவோ பார்ப்பார்கள். ‘டிராயிங்ஸ் என்றால் கடன்’ என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பி வந்திருக்கலாம். உங்கள் கடைக்கு அது பொருந்தாது.

## காசு போகாத எடுப்பு

கடையிலிருந்து பொருளை வீட்டுக்கு எடுத்துப் போவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணத்தைவிட இதுதான் அதிகம் விட்டுப்போகிறது. 3,000க்கு வாங்கி 3,800க்கு விற்கிற பொருளை எடுத்துப் போனால், புத்தகத்தில் அடக்க விலையான 3,000 எடுப்பாக எழுதப்படும்:

```
எடுப்புகள் கணக்கு       பற்று   3,000
    கொள்முதல் கணக்கு    வரவு    3,000
```

கொள்முதலில் இருந்து அதைக் கழிக்கக் காரணம், அந்தப் பொருள் விற்பனைக்காக வாங்கியதாக இனி இல்லை. எழுதாமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? சரக்கு எண்ணும்போது ஒரு பொருள் குறையும். விற்றதற்கான ரசீதும் இருக்காது. சந்தேகம் யார் மேல் விழும்? கல்லாவில் நிற்கிற பையன் மேல். எடுத்த அன்றே ஒரு நோட்டில் பொருளின் பெயர், தேதி, எண்ணிக்கை மூன்றையும் கிறுக்கி வைத்துவிட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

## பிரித்துப் பார்க்கிற வழி

ஒரு தொகை எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் நான் வைத்திருக்கிற சோதனை இது: நாளைக்கே இந்தக் கடை வேறொருவர் கைக்கு மாறினால், கடையை நடத்த அவரும் இந்தக் காசைக் கொடுத்தாக வேண்டுமா? கடை வாடகையைக் கொடுப்பார், மின்கட்டணத்தைக் கொடுப்பார். உங்கள் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கொடுக்க மாட்டார்.

கடைக்கும் வீட்டுக்கும் சேர்ந்தே ஓடுகிற செலவுகளில் இந்தச் சோதனை முழுசாக உதவாது. வண்டிக்கு 10,000க்கு எரிபொருள் போட்டு, ஓடிய தூரத்தில் பத்தில் ஏழு பங்கு கடை வேலை என்றால், 7,000 செலவு, 3,000 எடுப்பு. பங்கைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல், இரண்டு மூன்று வாரம் ஓடிய தூரத்தை எழுதி வைத்து அதிலிருந்து எடுத்தால் கேட்கிறவருக்குக் காட்ட ஒரு ஆதாரம் இருக்கும்.

எதிர்த் திசையிலும் நடக்கும். கடைக்கு வாங்கிய அலமாரிக்கு உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து பணம் கொடுத்தால், அது நீங்கள் கடையில் கூடுதலாகப் போட்ட முதல். அந்த ரசீதை வீட்டிலேயே வைத்துவிடாதீர்கள். அதேபோல, கடைக் கணக்கிலிருந்து வாங்கிய சொந்தப் பொருளைத் திருப்பிக் கொடுத்து, பணம் கடைக் கணக்குக்கே திரும்பி வந்தால் அது விற்பனை இல்லை. எடுப்பைக் குறைத்து எழுத வேண்டும்.

## உங்கள் புத்தகத்தில் இப்போது செய்தது

பள்ளிக் கட்டணம் முதலில் ‘பல்வகைச் செலவு’ என்ற தலைப்பில் ஏறியிருந்தது. எந்தப் புத்தகத்திலும் வழிதவறிய எடுப்புகள் வந்து சேருகிற இடம் அதுதான். ஒரு மாதம் மட்டும் அந்தத் தலைப்பு திடீரென்று வீங்கியிருந்தால் முதலில் அங்கேதான் தேடுவேன். திருத்தப் பதிவு சின்னது, தொகைக்கு மட்டும் அதே உதாரண எண்ணைப் போட்டிருக்கிறேன்:

```
எடுப்புகள் கணக்கு              பற்று   60,000
    பல்வகைச் செலவுக் கணக்கு    வரவு    60,000
```

வங்கிக் கணக்கை இதில் தொடவே இல்லை, கவனித்தீர்களா? பணம் போனது ஏற்கெனவே சரியாகப் பதிவாகிவிட்டது. தலைப்பு மட்டும்தான் இடம் மாறுகிறது. ஆண்டுக் கணக்கை இன்னும் மூடாததால் இந்த ஒரு பதிவே போதுமாக இருந்தது.

ஸ்டேட்மென்டில் பென்சிலால் வட்டம் போட்ட ஒரே ஒரு வரி பாக்கி இருக்கிறது: கைப்பேசிக் கட்டணம். கடைக்கு வருகிற அழைப்புகளும் வீட்டு ஆட்கள் பேசுவதும் ஒரே எண்ணில்தான் என்று சொன்னீர்கள். எத்தனை பங்கு கடைக்கு என்று நீங்கள் சொன்னால்தான் அந்த வரியை நான் மூட முடியும்.